எட்டு நொடிக்குள் ஒரு சொல்

வாலிபாலில் நடுவர் விசில் ஊதிய எட்டு நொடிக்குள் சர்வீஸ் போட்டாக வேண்டும். பள்ளி அணியில் ஆடும் 13 வயதுப் பிள்ளைக்கு ஆட்டத்திலேயே கடினமான நேரம் அதுதான். மற்ற நேரமெல்லாம் பந்து எங்கிருந்தோ வருகிறது, உடம்பு தானாக ஓடுகிறது, யோசிக்க இடமில்லை. சர்வீஸ் போடும்போது மட்டும் பந்து தன் கையில் இருக்கிறது. எதிரே ஆறு பேர் காத்திருக்கிறார்கள். தவறினால் எதிரணிக்கு ஒரு பாயிண்ட், அந்தத் தவறு தன் ஒருத்தியுடையது என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த எட்டு நொடியில் மனசு சும்மா இருக்காது, எதையாவது பேசிக்கொண்டேதான் இருக்கும். பேசாதே என்று அதை அடக்க முடியாது. என்ன பேசலாம் என்பதைச் சொல்லிக்கொடுக்க முடியும்.

நம் மைதானங்களில் இதை யாரும் பாடமாக எடுப்பதில்லை. "தைரியமா போடு", "பாசிட்டிவா நினை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பிள்ளையும் "சரி சார்" என்று தலையாட்டுகிறது. ஆனால் பாசிட்டிவாக நினைப்பதற்கு விசில் ஊதியதும் என்ன செய்ய வேண்டும், எந்தச் சொல்லை எந்த நொடியில் சொல்ல வேண்டும் என்று அதற்குத் தெரியாது. பந்தைத் தூக்கிப் போடக் கற்றுக்கொடுப்பது போலவே இதையும் படிப்படியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஒரே ஒரு மாணவி, ஒரே ஒரு சர்வீஸ் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

எட்டாம் வகுப்பு படிக்கிறாள். வலது கைக்காரி. தலைக்கு மேல் பந்தைத் தூக்கி, மணிக்கட்டை விறைப்பாக வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியால் அடிக்கும் ஃப்ளோட் சர்வீஸ் பழகுகிறாள். பயிற்சியில் பெரும்பாலான பந்துகள் எதிர்ப்பக்கம் விழுகின்றன. மேட்ச் என்று வந்துவிட்டால் பாதி நெட்டில் சிக்குகின்றன. முதலில் அவள் ஏற்கெனவே தனக்குள் என்ன பேசிக்கொள்கிறாள் என்று தெரிய வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு கேட்டால் "ஒண்ணும் நினைக்கல சார்" என்றுதான் பதில் வரும். அதனால் பந்து நெட்டில் பட்ட அடுத்த நொடியே கேட்க வேண்டும்.

"இப்போ தூக்குறதுக்கு முன்னாடி மனசுல என்னம்மா ஓடுச்சு?"

"நெட்ல போயிடக் கூடாதுன்னு நினைச்சேன் சார்."

பெரும்பாலான பிள்ளைகள் சொல்வது இதைத்தான். அவள் தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை, சோர்ந்தும் போகவில்லை. தவறு செய்யக் கூடாது என்று கவனமாகத்தான் இருந்திருக்கிறாள். சிக்கலே அங்கேதான். ஒன்றைச் செய்யக் கூடாது என்று நினைக்க வேண்டுமானால் அந்த ஒன்றை மனசில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் தன் குழுவினருடன் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், கோல்ஃப் பந்தை உருட்டுபவர்களிடம் குழியைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்று சொல்லிப் பார்த்தார். வேறொரு மனவேலையும் கூடவே கொடுத்தபோது, அவர்கள் எதைத் தவிர்க்க நினைத்தார்களோ அதையே செய்தார்கள். பந்து குழியைத் தாண்டிப் போனது. மேட்ச் நேரத்தில் பிள்ளையின் மனசில் ஸ்கோர், கூட்டம், கோச்சின் முகம் என்று வேறு வேலைகள் நிறையவே இருக்கின்றன.

எத்தனை முறை இப்படி நினைக்கிறாள் என்பதை அவளே கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. வெளிநாட்டுப் பயிற்சியாளர்கள் இதற்குக் காகித கிளிப்புகளைப் பயன்படுத்துகிறார்கள். நமக்குப் புளியங்கொட்டை போதும். பயிற்சி தொடங்கும்போது ஒரு கைப்பிடி கொட்டை டிராக் பேன்ட்டின் இடது பாக்கெட்டில் இருக்கட்டும். "போயிடக் கூடாது", "போச்சு", "நமக்கு வராது" என்று ஏதாவது மனசில் ஓடினால் ஒரு கொட்டையை வலது பாக்கெட்டுக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பயிற்சி முடிந்து வலது பாக்கெட்டைக் கொட்டிப் பார்க்கும்போது பிள்ளைக்கே வியப்பாக இருக்கும். இதை ஓரிரு நாளுக்கு மேல் நீட்டக் கூடாது. எண்ணிக்கொண்டே இருந்தால் மனசு அந்தச் சொற்களையே தேடிப் போகத் தொடங்கிவிடும்.

அடுத்தது சொல்லைத் தேர்ந்தெடுப்பது. இதற்கு மனசைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பந்தைப் பார்க்க வேண்டும். செல்போனில் பக்கவாட்டிலிருந்து நாலைந்து சர்வீஸை வீடியோ எடுத்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். இந்த மாணவிக்குக் கோளாறு அடியில் இல்லை, தூக்குவதில் இருக்கிறது. பதற்றமாக இருக்கும்போது பந்தை இடப்பக்கமாகச் சாய்த்துத் தூக்குகிறாள். பந்து தோளை விட்டு விலகிப் போய்விடுவதால் உடம்பை வளைத்து எட்டி அடிக்கிறாள், அடி கீழ்நோக்கிப் போய்விடுகிறது. தூக்கிய பந்தை அடிக்காமல் விட்டால் அது இடது காலுக்குச் சற்று முன்னே, வலது தோளுக்கு நேராக விழ வேண்டும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, அடிக்காமல் வெறுமனே தூக்கிவிடச் சொன்னால் பந்து வட்டத்துக்கு வெளியே விழுவதை அவளே பார்த்துவிடுவாள்.

ஆக அவளுக்கு வேண்டிய சொல் தூக்குவதைப் பற்றியது. "பந்தைச் சாய்க்காதே" என்று இருக்கக் கூடாது, காரணம் மேலே சொன்னதுதான். "இடது முழங்கையை மடக்காமல் தோள் உயரத்தில் விரலை விரி" என்றும் இருக்கக் கூடாது. அவ்வளவு நீளத்துக்கு நேரம் இல்லை. தவிர, உடல் உறுப்பைப் பார்த்துக்கொண்டு செய்யும் வேலை தடுமாறும். அசைவின் விளைவைக் கவனித்துச் செய்யும்போது உடம்பு இன்னும் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதை கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளர் 1998 முதல் பல ஆட்டங்களில் காட்டியிருக்கிறார். அதனால் கையைப் பற்றிச் சொல்லாமல் பந்து போக வேண்டிய வழியைச் சொல்லும் சொல் நல்லது.

அந்தச் சொல்லைப் பிள்ளையிடமே கேட்பேன். "பந்து சரியா மேல போச்சுன்னா அதை எப்படிச் சொல்லுவ?" என்றால், "நேரா" என்பாள் ஒருத்தி, "செங்குத்தா" என்பாள் இன்னொருத்தி. இந்த மாணவி "நேரா மேல" என்றாள். அதுவே இருக்கட்டும். அவள் வீட்டில் பேசும் தமிழில், அவள் வாயில் வந்த சொல். நாம் செம்மையாக்கித் தரும் சொல்லை அவள் மறந்துவிடுவாள். அதன் பின்னால் அடிக்கும் நேரத்துக்கு "அடி" என்று ஒரு சொல். "நேரா மேல... அடி." இதற்கு மேல் வேண்டாம். நாலைந்து குறைகள் இருந்தாலும் ஒன்றுக்கு மட்டும்தான் சொல், மற்றவை காத்திருக்கட்டும்.

சொல்லை அசைவோடு சேர்த்துக் கட்டுவது பழைய முறைதான். 1987-இல் வெளியான ஓர் ஆய்வில் சூசன் ஸீக்லர் என்பவர் டென்னிஸ் புதிதாகப் பழகுபவர்களுக்கு நான்கே சொற்கள் கொடுத்தார். எந்திரத்திலிருந்து பந்து கிளம்பும்போது "பந்து", தரையில் குத்தும்போது "குத்து", மட்டையில் படும்போது "அடி", அடித்து முடித்ததும் "தயார்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அடிகள் வெகுவாக முன்னேறின. அந்தச் சொற்களில் ஊக்கமூட்டுவது எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணும் மனசும் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே அவற்றைக் கொண்டுபோய் வைக்கின்றன, அவ்வளவே.

நம் மாணவியும் முதலில் சத்தமாகத்தான் சொல்ல வேண்டும். வெட்கப்படுவாள், பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அணி முழுவதும் அவரவர் சொல்லைச் சத்தமாகச் சொல்லிப் பழகினால் அந்த வெட்கம் போய்விடும். சத்தத்தை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சின்ன வயதில் குழந்தைகள் விளையாடும்போது தங்களுக்குத் தாங்களே வாய்விட்டுப் பேசிக்கொள்வதையும், வளர வளர அந்தப் பேச்சு உள்ளே போய்விடுவதையும் ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1930-களிலேயே எழுதிவைத்தார். புதிய வேலைக்குப் புதிய உள்பேச்சைப் பழக்கும்போதும் அதே வழியில் வெளியிலிருந்து உள்ளே கொண்டுபோகலாம். பயிற்சியாளருக்கும் இதில் ஒரு லாபம் உண்டு. சத்தமாகச் சொன்னால்தான் சொல் எந்த நொடியில் வருகிறது என்று நம் காதுக்குத் தெரியும்.

தவறு பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது. பந்து கையை விட்டுக் கிளம்பிய பிறகு "நேரா மேல" என்று சொன்னால் அது நடந்ததைச் சொல்வதாகிவிடும், அசைவை மாற்றாது. கை மேலே எழும் அதே நேரத்தில் சொல்லும் எழ வேண்டும். முதலில் அடிக்காமல் தூக்கி வட்டத்தில் விழவிடுவது, பிறகு தூக்கிப் பிடிப்பது, பிறகு சுவரில் அடிப்பது, கடைசியில்தான் கோட்டின் பின்னால் நின்று முழு சர்வீஸ். ஒவ்வொரு படியிலும் பத்துப் பத்தாகச் செய்து, எத்தனை சரியாக வந்தது என்று சுவரில் குறித்துவைத்தால் நல்லது. முதல் இரண்டு மூன்று நாள் எண்ணிக்கை பழையதைவிடக் குறையலாம். சொல்லையும் அசைவையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்வது ஆரம்பத்தில் சுமைதான். அதைக் கண்டு பயந்து விட்டுவிடாமல் ஒரு வாரம் பொறுக்க வேண்டும். இரண்டு மூன்று வாரமாகியும் ஏறவில்லை என்றால் அந்தச் சொல் தவறானது, அல்லது கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. கையில் வலு போதாமல் பந்து நெட்டைத் தொடாத பிள்ளைக்கு எந்தச் சொல்லும் உதவாது. அவளைக் கோட்டிலிருந்து முன்னால் வரச் சொல்லிப் பழக்க வேண்டும்.

எண்ணிக்கை ஏறியதும் சத்தத்தைக் குறைக்கலாம். முணுமுணுப்பு, பிறகு உதடு மட்டும், பிறகு மனசுக்குள். உள்ளே போன பிறகும் நடுநடுவே "இப்போ சத்தமா சொல்லு" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பல பிள்ளைகள் சொல்வதை நிறுத்திவிட்டு, சொல்வதாக நம்பிக்கொண்டிருப்பார்கள்.

இந்தத் துறையில் அதிகம் உழைத்தவர்கள் கிரேக்க நாட்டுத் தெஸ்ஸாலி பல்கலைக்கழகத்தினர். யானிஸ் தியோடோராகிஸும் அவரது குழுவும் 2000-இல் ஒரு கேள்வியைப் பிரித்துப் பார்த்தார்கள். "பந்தைப் பார்" போன்ற செய்முறைச் சொல் நல்லதா, "என்னால் முடியும்" போன்ற உற்சாகச் சொல் நல்லதா? குறிபார்த்துக் கால்பந்து உதைப்பதிலும் பாட்மிண்டன் சர்வீஸிலும் செய்முறைச் சொல்தான் உதவியது. முழங்காலை நீட்டும் வலுச் சோதனையில் இரண்டுமே உதவின. அதே பல்கலைக்கழகத்தின் அந்தோனிஸ் ஹட்ஸிஜார்ஜியாடிஸ் குழு 2011-இல் 32 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, முறையாகச் சில காலம் பழக்கிய இடங்களில் பலன் கூடுதலாகவும், அன்றைக்கே சொல்லிக்கொடுத்து அன்றைக்கே சோதித்த இடங்களில் குறைவாகவும் இருந்தது. போட்டிக்கு முந்தின நாள் பிள்ளைகளை உட்காரவைத்து ஒரு மணி நேரம் உற்சாக உரை நிகழ்த்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உற்சாகச் சொல்லுக்கு இடமே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. இதே மாணவி 800 மீட்டர் ஓடினால், இரண்டாவது சுற்றில் கால் கனக்கும்போது அவளுக்குச் செய்முறை தேவையில்லை. "இன்னும் போ", "தாங்கு" என்பது போன்ற ஒரு சொல் போதும். நுணுக்கமான வேலைக்குச் செய்முறைச் சொல், உடம்பின் வலுவும் தாக்குப்பிடிப்பும் கேட்கும் வேலைக்கு உற்சாகச் சொல் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் உற்சாகச் சொல் பிள்ளை நம்பக்கூடியதாக இருக்க வேண்டும். போன மூன்று சர்வீஸையும் நெட்டில் அடித்தவளிடம் "நான்தான் பெஸ்ட்னு சொல்லிக்கோ" என்றால் மனசு உடனே "இல்லையே" என்று பதில் சொல்லும். கனடாவின் ஜோவான் வுட் 2009-இல் வெளியிட்ட ஆய்வு விளையாட்டைப் பற்றியது இல்லை என்றாலும் இங்கே பொருந்தும். தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்கள் தங்களைப் புகழும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்களுடைய மனநிலை மேலும் இறங்கியது. இப்படிப்பட்ட வாக்கியம் யாருக்கு மிகவும் தேவை என்று நினைக்கிறோமோ அவர்களையே அது குத்துகிறது. "நேரா மேல" என்ற சொல்லோடு மனசு சண்டை போட முடியாது, அது உண்மை என்றோ பொய் என்றோ எதையும் சொல்லவில்லை. தயங்கும் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் செய்முறைச் சொல்லிலிருந்தே தொடங்குவது இதனால்தான்.

பயிற்சியில் பழகிய சொல் மேட்சில் காணாமல் போவது சாதாரணம். பயிற்சியில் விசில் இல்லை, ஸ்கோர் இல்லை, பந்துகள் வரிசையாகக் கையில் கிடைக்கின்றன. ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது மேட்சை மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்கோர் 23–24 என்று சொல்லிவிட்டு, மற்றவர்களைக் கத்தச் சொல்லிவிட்டு, விசில் ஊதி, எட்டு நொடியை வாய்விட்டு எண்ணினால் போதும். ஒரே ஒரு சர்வீஸ்தான், தவறினால் இன்னொரு வாய்ப்பு கிடையாது, வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அந்த எட்டு நொடிக்கு ஒரு ஒழுங்கும் வேண்டும். விசில், பந்தை இரண்டு முறை தரையில் தட்டுதல், ஒரு மூச்சை நீளமாக விடுதல், விழும் இடத்தைப் பார்த்தல், சொல், அடி. மூச்சை விட்ட பிறகு சொல் வரும்படி பழக்கினால், பதற்றத்தில் கூட மூச்சு அந்தச் சொல்லை இழுத்துக்கொண்டு வரும்.

அப்படியும் பந்து நெட்டில் விழும், விழத்தான் செய்யும். தவறிய பிறகு சொல்ல வேண்டிய சொல்லும் தனியாக வேண்டும். ஏனென்றால் சர்வீஸ் தவறிய பிள்ளை அடுத்த நொடியே பின்வரிசையில் எதிரணியின் சர்வீஸை எடுக்க நிற்க வேண்டியவள். மனசு இன்னும் நெட்டிலேயே மாட்டிக்கொண்டிருந்தால் அடுத்த பாயிண்டும் போகும். ஜூடி வான் ரால்டி என்பவரும் கூட்டாளிகளும் 1994-இல் ஜூனியர் டென்னிஸ் போட்டிகளில் 24 பிள்ளைகளைக் கவனித்து எழுதினார்கள். ஆட்டத்தின் நடுவே தங்களைத் திட்டிக்கொள்வது தோல்வியோடு சேர்ந்தே காணப்பட்டது. அதே நேரம், வெளியில் கேட்கும்படி தங்களைப் பாராட்டிக்கொண்டவர்கள் கூடுதலாக ஜெயித்ததாகவும் இல்லை. எனவே இங்கே பாராட்டைத் தேட வேண்டாம், திட்டு நீளாமல் வெட்டினால் போதும். உள்ளங்கையை ஷார்ட்ஸில் ஒரு முறை துடைத்துவிட்டு "அடுத்த பந்து" என்று சொல்லப் பழக்கலாம். கை அசைவும் சொல்லும் சேர்ந்தே வர வேண்டும், கை துடைத்தால் முந்தின பாயிண்ட் முடிந்தது. இதையும் பயிற்சியில் பழக்க வேண்டும். வேண்டுமென்றே ஒரு பந்தை நெட்டில் அடிக்கச் சொல்லி, துடைத்து, சொல்லி, உடனே நான் எறியும் பந்தை எடுக்கச் சொல்வேன்.

இதில் பயிற்சியாளரின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. பிள்ளைகளின் உள்பேச்சு பெரும்பாலும் நம் குரலில்தான் ஓடுகிறது. நாம் ஓரத்தில் நின்று "நெட்ல போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது!" என்று கத்தினால், விசிலுக்குப் பிறகு அவள் காதில் கேட்பது "நேரா மேல" ஆக இருக்காது. கோச் ஆதரவாக நடந்துகொள்வதற்கும் வீரர்களின் உள்பேச்சு நல்லவிதமாக இருப்பதற்கும் தொடர்பு உண்டு என்று அதே தெஸ்ஸாலி ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள். அதனால் சர்வீஸ் போகும் பிள்ளையிடம் கத்த வேண்டும் என்றால் அவளுடைய சொல்லையே கத்துங்கள், இல்லையென்றால் வாய் திறக்காதீர்கள். காலரியில் உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாவுக்கும் அந்தச் சொல் என்ன என்று சொல்லிவைத்துவிடுவது நல்லது. போட்டி நாளில் புதிய சொல் எதுவும் தரக் கூடாது. இரவு தூங்க முடியாமல், சாப்பிட முடியாமல், போட்டி என்றாலே அழும் பிள்ளைக்கு இந்தப் பழக்கம் மருந்தாகாது. அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும், தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போக வேண்டும்.

சில மாதம் கழித்து ஒரு நாள், அவள் சொல்லாமலே பந்து நேராக மேலே போகத் தொடங்கும். அப்போது அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும். கைக்கு வந்துவிட்ட அசைவை மறுபடியும் சொல்லால் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், நன்றாக ஆடுபவள் நெருக்கடியில் தடுமாறுவாள். அந்த இடத்தில் வேறொரு சொல்லை வைக்கலாம். இப்போது அது பந்து விழ வேண்டிய இடத்தைச் சொல்லட்டும். எதிரணியில் ரிசீவ் சுமாராக இருப்பவள் இடது மூலையில் நிற்கிறாள் என்றால் "இடது மூலை" என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த மூலையை அவளே பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிட்டால், அடுத்த சீசனுக்கு ஜம்ப் சர்வீஸ் பழக்கலாம். அதன் முதல் கோளாறும் பெரும்பாலும் பந்தைத் தூக்குவதில்தான் இருக்கும் என்பதால், சாக்பீஸையும் செல்போனையும் மறுபடி எடுத்துக்கொண்டு தொடங்க வேண்டியிருக்கும்.